சவுதி வேலைக்கு ஏஜென்ட் கேக்குற 1,35,000ல நிஜமான அரசு கட்டணம் எவ்வளவு?

"அண்ணா, என் வீட்டுக்காரர் எலக்ட்ரீசியன், பத்தாவது முடிச்சுட்டு ஐ.டி.ஐ படிச்சவர். சவுதிக்கு ஆள் எடுக்குறாங்கன்னு எங்க ஊர்ல ஒருத்தர் சொல்றார். விசா 60,000, சர்வீஸ் சார்ஜ் 35,000, எமிக்ரேஷன் 12,000, இன்சூரன்ஸ் 5,000, மெடிக்கல் 8,000, டிக்கெட் 15,000, மொத்தம் 1,35,000னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்கார். வெள்ளிக்கிழமைக்குள்ள 50,000 அட்வான்ஸ் கட்டுனா தான் விசா பிளாக் பண்ண முடியுமாம். நகைய அடகு வெச்சு கட்டிடலாமா? இதுல அரசாங்கத்துக்குப் போற காசு எவ்வளவுன்னு எங்க பாக்குறது?"

நகைய எடுக்காதீங்கமா, வெள்ளிக்கிழமை போனா போகட்டும். நான் ரொம்ப நாள் ஒரு மேன்பவர் ஆபீஸ்ல டாக்குமெண்டேஷன் பார்த்தவன், இந்த மாதிரி பேப்பர் நிறைய பார்த்திருக்கேன். அவர் பிரிச்சு எழுதிக் குடுத்தது ஒரு விதத்துல உங்களுக்கு நல்லது தான், மொத்தமா ஒரு தொகை சொல்லியிருந்தா எதையும் சரிபார்க்க முடியாது, இப்ப ஒவ்வொரு வரியா எடுத்து இது யாருக்குப் போற காசுன்னு கேக்கலாம்.

முதல்ல எமிக்ரேஷன் 12,000ங்கிற வரிய எடுங்க, ஏன்னா அது முழுக்க அரசு கட்டணம், பேரம் பேச இடமே இல்லாத விஷயம். எமிக்ரேஷன் கிளியரன்ஸ்ங்கிறது பத்தாவது பாஸ் பண்ணாதவங்க சவுதி, குவைத், கத்தார், மலேசியா மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது மத்திய அரசோட ப்ரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ் ஆபீஸ் (சென்னையிலயும் இருக்கு) குடுக்குற அனுமதி. அதுக்கு அரசு வாங்குற கட்டணம் 200 ரூபா. ஆமா, இருநூறு தான். அதோட இந்த கேட்டகிரில போறவங்க கட்டாயமா எடுக்க வேண்டிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபா, மூணு வருஷத்துக்கு 375 ரூபா, மேல வரி கொஞ்சம் வரும். விபத்துல உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் கவர் இருக்குற பாலிசி அது. அதாவது 12,000மும் 5,000மும் சேர்ந்து 17,000ன்னு எழுதுன இடத்துல நிஜ செலவு அறுநூறு எழுநூறு ரூபாய்க்குள்ள அடங்கிடும்.

இதுல இன்னொண்ணு இருக்கு. உங்க வீட்டுக்காரர் பத்தாவது பாஸ் பண்ணிட்டு ஐ.டி.ஐ போனவர்னு சொல்றீங்க, அப்படின்னா அவர் ஈ.சி.என்.ஆர், அவருக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸே தேவையில்ல, அந்த 200 ரூபாயும் கிடையாது. பாஸ்போர்ட்ட எடுத்து பாருங்க, ஈ.சி.ஆர், அதாவது கிளியரன்ஸ் வேணும்னு அதுல அச்சாகலைன்னா ஈ.சி.என்.ஆர்னு அர்த்தம். சில பேர் பாஸ்போர்ட் எடுக்கும்போது மார்க்‌ஷீட் வைக்காம விட்டுடுவாங்க, பத்தாவது பாஸ் ஆகியிருந்தும் ஈ.சி.ஆர்னு விழுந்திருக்கும். அப்படி இருந்தா பாஸ்போர்ட் சேவா மூலமா மார்க்‌ஷீட் வெச்சு ரீ-இஷ்யூக்கு அப்ளை பண்ணி அத எடுத்துக்கலாம். ஒருத்தரோட பாஸ்போர்ட்ட பார்க்காமலே எமிக்ரேஷன் 12,000ன்னு ஒரு ஏஜென்ட் எழுதுறார்னா, அவர் எல்லாருக்கும் ஒரே ரேட் கார்ட வெச்சிருக்கார், உங்க வீட்டுக்காரரோட விஷயத்த யோசிச்சே பார்க்கலன்னு அர்த்தம்.

அடுத்தது விசா 60,000. மனசு ரொம்ப வலிக்கிறது இந்த வரியில தான், ஏன்னா ஊர்ல எல்லாருமே விசாவுக்கு காசு குடுத்து தான் போகணும்னு நம்பிட்டோம், அப்பா காலத்துல இருந்து அப்படித் தான் நடக்குது. ஆனா சவுதி தொழிலாளர் சட்டத்தோட 40வது பிரிவு தெளிவா சொல்லுது, வெளிநாட்டு ஆள வேலைக்கு எடுக்குற செலவு, அங்க தங்குறதுக்கான இகாமா அட்டை, ஒர்க் பெர்மிட், அதுகளோட புதுப்பிப்பு, வேலை முடிஞ்சா திரும்பி வர டிக்கெட், இது எல்லாம் முதலாளியோட பொறுப்பு. துபாய்க்குப் போறதா இருந்தாலும் இதே தான், அமீரகத்தோட 2021ஆம் வருஷ தொழிலாளர் சட்டத்துல (33ஆம் எண்) ஆள் எடுக்குற செலவ தொழிலாளிகிட்ட இருந்து நேராவோ சுத்தி வளைச்சோ வாங்கக் கூடாதுன்னு இருக்கு. அதனால "விசா காசு"ன்னு ஒண்ணு தொழிலாளி தலையில வர்றதுக்கே சட்டப்படி இடமில்ல.

அப்ப விசா பிளாக்னா என்னன்னு கேப்பீங்க. பிளாக் விசாங்கிறது நிஜமாவே இருக்கு, ஆனா அது அவர் சொல்ற அர்த்தத்துல இல்ல. சவுதி கம்பெனிக்கு இத்தன எலக்ட்ரீசியன், இத்தன பிளம்பர்னு அங்க அரசு மொத்தமா விசா ஒதுக்கும், அதுக்கான கட்டணத்த கம்பெனி அங்கயே கட்டிடும், அப்புறம் இந்தியாவுல இன்ன ஏஜென்ட் தான் பாஸ்போர்ட்ல விசா ஸ்டாம்பிங் பண்ணணும்னு வக்காலா, அதாவது அதிகாரப் பத்திரம் அனுப்பும். இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் இன்டர்வியூக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். உங்க 50,000 போய் ரியாத்ல எதையும் பிளாக் பண்ணாது. இங்க ஸ்டாம்பிங்குக்கு, கைரேகை பதியறதுக்குன்னு விசா சென்டர்ல ஒரு கட்டணம் உண்டு, அத கம்பெனி ஏத்துக்கலைன்னா கூட அதுக்கு அந்த சென்டரோட ரசீது தனியா வரும், உங்க வீட்டுக்காரர் பேரும் பாஸ்போர்ட் நம்பரும் அதுல இருக்கும். ரசீத காட்டுங்க, அதுல உள்ளத குடுக்குறோம்னு சொல்லிடுங்க.

சர்வீஸ் சார்ஜ் 35,000 தான் அந்த பேப்பர்லயே உண்மைக்குப் பக்கத்துல இருக்குற வரி. 1983ஆம் வருஷ எமிக்ரேஷன் சட்டத்து கீழ பதிவு பண்ணுன ரெக்ரூட்டிங் ஏஜென்ட் ஒரு தொழிலாளிகிட்ட அதிகபட்சம் 30,000 ரூபா சேவைக் கட்டணமும் அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி 5,400ம் வாங்கலாம், ஆக 35,400. வாங்குனதுக்கு ரசீது குடுத்தே ஆகணும். இது உச்சவரம்பு தான், கட்டாயம் இவ்வளவு வாங்கணும்னு இல்ல, கம்பெனியே ஏஜென்டுக்கு கமிஷன் குடுத்துட்டா தொழிலாளிகிட்ட ஒண்ணும் வாங்காம அனுப்புறவங்களும் இருக்காங்க. ஆனா இந்த ஒரு வரி சரியா இருக்குறது தான் ஆபத்து, யாராவது விவரம் தெரிஞ்சவங்க கேட்டா "பாருங்க, அரசு ரேட் தான் போட்டிருக்கேன்"னு இத காட்டுவாங்க, மீதி ஒரு லட்சத்த வேற வேற பேர்ல பிரிச்சு வெச்சிருப்பாங்க. இன்னொண்ணு, இந்த 35,400 வாங்குற உரிமை பதிவு பண்ணுன ஏஜென்டுக்கு மட்டும் தான். ஊர்ல இருக்குற சப்-ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் இல்லன்னா அவர் நூறு ரூபா வாங்குறது கூட தப்பு.

மெடிக்கலுக்கு வளைகுடா நாடுகள் எல்லாத்துக்கும் பொதுவா வாஃபித்னு ஒரு தளம் இருக்கு (wafid.com), முன்னாடி காம்கான்னு சொல்லுவோம்ல அதே ஏற்பாடு தான். அதுல பாஸ்போர்ட் விவரம் போட்டு நீங்களே ஸ்லிப் எடுக்கலாம், எந்த சென்டர்னு அதுலயே வரும், சென்டர்ல எவ்வளவுன்னு நேராக் கேட்டு ரசீதோட கட்டிக்கலாம், ஏஜென்ட் கையில குடுக்க வேண்டிய அவசியம் இல்ல. ஆனா வேலை உறுதி ஆகாம அவசரப்பட்டு மெடிக்கல் எடுக்காதீங்க, ரிசல்டுக்கு காலக்கெடு உண்டு, தாண்டிட்டா திரும்ப காசு கட்டி எடுக்கணும். டிக்கெட் பத்தி ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, நிறைய கம்பெனி போற டிக்கெட்டும் தானே தருது, அப்படி கம்பெனி குடுத்த டிக்கெட்டுக்கே இங்க உங்ககிட்ட 15,000 வாங்குறதும் நடக்குது.

இப்ப அந்த பேப்பர்ல இல்லாத ஒரு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு சந்தேகம் கெட்டியானது இதுல தான். சவுதிக்கு எலக்ட்ரீசியன், பிளம்பர், வெல்டர், ஏ.சி மெக்கானிக் மாதிரி வேலைக்குப் போறவங்க ஸ்கில் வெரிஃபிகேஷன்னு ஒரு டெஸ்ட் எழுதி செய்முறையும் காட்டி பாஸ் ஆனா தான் அந்த தொழில்ல விசா ஸ்டாம்ப் ஆகும், இந்தியாவுல இது 2022ல ஆரம்பிச்சது. உங்க ஆள் எலக்ட்ரீசியன்னு சொல்லியும் அந்த டெஸ்ட் பத்தி பேப்பர்ல ஒரு வரி கூட இல்ல. அப்படின்னா ரெண்டுல ஒண்ணு, ஒண்ணு அந்த ஏஜென்டுக்கு இந்த வேலையே தெரியாது, இல்ல எலக்ட்ரீசியன்னு சொல்லிட்டு சாதாரண லேபர் விசாவுல ஏத்தி விடப் போறார். லேபர் விசாவுல போயிட்டா அங்க சம்பளமும் லேபர் சம்பளம் தான், சொன்ன எலக்ட்ரீசியன் சம்பளம் எங்கன்னு கேட்டா இகாமாவுல உள்ள தொழில காட்டுவாங்க. அதனால விசாவுல என்ன தொழில்னு போட்டிருக்குன்னு காசுக்கு முன்னாடி கேட்டே ஆகணும்.

கூட்டிப் பார்த்தா அவர் அரசு செலவு மாதிரி காட்டுனது விசா, எமிக்ரேஷன், இன்சூரன்ஸ் மூணும் சேர்த்து 77,000. அதுல உங்க வீட்டுக்காரர் ஈ.சி.என்.ஆரா இருந்தா எமிக்ரேஷன் கட்டணம் பூஜ்யம், இன்சூரன்ஸ விருப்பப்பட்டு எடுத்தா சில நூறு, ஸ்டாம்பிங்குக்கு ரசீதுல உள்ளது. மீதி எல்லாம் ஏஜென்டுக்கும் அவருக்கு மேல உள்ளவருக்கும் போற காசு.

சரி, எங்க பாக்குறதுன்னு கேட்டீங்களே. வெளியுறவு அமைச்சகத்தோட emigrate.gov.in தளத்துக்குப் போங்க, போன்லயே தெறக்கும். அதுல ரெக்ரூட்டிங் ஏஜென்ட் பகுதியில பேர் போட்டோ, மாநிலம் போட்டோ, லைசென்ஸ் நம்பர் போட்டோ தேடலாம். லைசென்ஸ் நம்பர் சாய்வுக்கோடு போட்டு நீளமா, கடைசியில வருஷத்தோட இருக்கும், ஆபீஸ் போர்டுலயும் விளம்பரத்துலயும் அத போட்டே ஆகணும். தேடுனா நிறுவனத்தோட பேர், விலாசம், போன், லைசென்ஸ் நிலவரம் வரும். Active-னு இருக்கணும். Expired, Suspended, Cancelled இதுல எது இருந்தாலும் அங்கேயே விட்டுடுங்க, "ரினியூவல்ல இருக்கு"ன்னு சொல்ற கதைய கேக்காதீங்க. பதிவு இல்லாத ஏஜென்ட்டுகள்னு புகார் வந்தவங்களோட பட்டியலும் அதே தளத்துல போடுறாங்க, அதயும் ஒரு தடவ பாத்துடுங்க. அதுல பேர் இல்லாதது நல்லவர்னு சான்று ஆகாது, புகார் வரலைன்னு மட்டும் தான் அர்த்தம்.

இந்த இடத்துல தான் நிறைய பேர் மாட்டுறாங்க, கவனமா கேளுங்க. ஊர்ல இருக்குறவர் "நான் சென்னையில இன்ன கம்பெனிக்கு ஆள் எடுத்துக் குடுக்குறேன்"னு ஒரு நிஜமான லைசென்ஸோட போட்டோவ வாட்ஸப்ல அனுப்புவார். நீங்க தளத்துல தேடுவீங்க, Active-னு பச்சையா வரும், நிம்மதியா காசு குடுத்துடுவீங்க. ஆனா அந்த கம்பெனிக்கு இவர் யாருன்னே தெரியாது. அதனால அவர் குடுக்குற நம்பருக்கு கூப்பிடாதீங்க, தளத்துல அந்த கம்பெனிக்குன்னு பதிவாகியிருக்குற நம்பருக்கு கூப்பிடுங்க. இன்ன பேர்ல ஒருத்தர் உங்களுக்காக ஆள் எடுக்குறாரா, சவுதியில இன்ன கம்பெனிக்கு எலக்ட்ரீசியன் டிமாண்ட் உங்ககிட்ட இருக்கா, ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்குறீங்க, எந்த அக்கவுண்ட்ல கட்டணும்னு கேளுங்க. முடிஞ்சா ஒரு நாள் நேர்லயே ஆபீஸுக்குப் போயிட்டு வாங்க, பஸ் செலவு 50,000த்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. நிஜ ஆபீஸா இருந்தா டிமாண்ட் லெட்டர காட்டுவாங்க, அதுல வெளிநாட்டுக் கம்பெனி பேர், தொழில், எத்தன ஆள், சம்பளம், சாப்பாடு, தங்குற இடம், வேலை நேரம், டிக்கெட் யார் தர்றாங்கன்னு எல்லாம் இருக்கும்.

எல்லாம் சரியா இருந்து காசு கட்டுற கட்டம் வந்தா, கையில குடுக்காதீங்க, ஜிபேல தனி ஆள் நம்பருக்கும் போடாதீங்க. தளத்துல உள்ள அதே நிறுவனப் பேர்ல இருக்குற பேங்க் அக்கவுண்டுக்கு மட்டும் போடுங்க, எதுக்குன்னு எழுதி, ஜி.எஸ்.டி நம்பரோட ரசீது வாங்குங்க. பதிவு பண்ணுன பெரிய ஏஜென்ட்டுகள் அரசுகிட்ட 50 லட்சம் பேங்க் கேரண்டி வெச்சிருப்பாங்க (சின்ன ஏஜென்ட்டுகளுக்கு 8 லட்சம்), ரசீதோட புகார் போனா லைசென்ஸும் அந்தப் பணமும் சேர்ந்து ஆபத்துல நிக்கும், அதனால ரசீதுக்கு அவ்வளவு மதிப்பு. ரசீது இல்லாத காசுக்கு அந்த பயமே அவங்களுக்கு கிடையாது. எந்தக் கட்டத்துலயும் ஒரிஜினல் பாஸ்போர்ட்ட அட்வான்ஸ் மாதிரி வாங்கி வெச்சுக்க விடாதீங்க, ஸ்டாம்பிங்குக்கு குடுக்கும்போது மட்டும் கையெழுத்து வாங்கிட்டு குடுங்க.

ஒரு விஷயம் மறைக்காம சொல்லணும். லைசென்ஸ் இருக்குற ஆபீஸ்லயே கூட 35,400க்கு ரசீது குடுத்துட்டு மேல அறுபது எழுபது ஆயிரம் ரொக்கமா வாங்குறது நடக்குது, யாராவது அதிகாரி கேட்டா முப்பதாயிரம் தான் குடுத்தேன்னு சொல்லுங்கன்னு சொல்லியே அனுப்புவாங்க. "வேணாம்னா விடுங்க, பின்னாடி பத்து பேர் நிக்கிறாங்க"ன்னு சொன்னா குடும்பக் கஷ்டத்துல இருக்குறவங்களால என்ன பண்ண முடியும்னு எனக்குத் தெரியும். ஆனா அப்படிக் குடுக்குற ஒவ்வொரு ஆயிரத்துக்கும் எத்தன மாச சம்பளம் போகுதுன்னு கணக்குப் போட்டுட்டு முடிவு எடுங்க. 1,35,000த்த, நகை அடகு வட்டிய விட்டுட்டு, ரியால் இருபத்தி ரெண்டு இருபத்தி மூணு ரூபான்னு வெச்சு, மாசம் 600 ரியால் மிச்சம் பிடிச்சு அனுப்புனா கூட அசல அடைக்கவே பத்து மாசம் ஓடிடும், இதுக்கு நடுவுல வீட்டுக்கு ஒரு ரூபா வராது.

வேற வழி இல்லையான்னா இருக்கு. தமிழ்நாடு அரசே நடத்துற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில இருக்கு, 1978ல இருந்து இயங்குது, அதுவும் பதிவு பண்ணுன ரெக்ரூட்டிங் ஏஜென்ட் தான், சேவைக் கட்டணம் சட்ட வரம்புக்குள்ள தான் வாங்குவாங்க. எப்பவும் எல்லா வேலைக்கும் ஆள் எடுக்க மாட்டாங்க, காத்திருக்கணும், ஆனா அங்க பேர பதிஞ்சு வைக்கிறதுல நஷ்டம் இல்ல. ஐ.டி.ஐ சர்டிபிகேட்டும் அனுபவச் சான்றும் ரெடியா வெச்சுக்கச் சொல்லுங்க, ஸ்கில் டெஸ்டுக்கும் அது உதவும்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தா சண்டை போட வேணாம். மூணே கேள்வி கேளுங்க: லைசென்ஸ் நம்பர் என்ன, விசாவுல தொழில் என்னன்னு போட்டிருக்கு, நான் கம்பெனி அக்கவுண்ட்ல போட்டா 1,35,000க்கும் ரசீது குடுப்பீங்களா. மூணாவது கேள்வியிலயே பாதிப் பேர் குரல் மாறிடும். "முதல்ல பத்தாயிரமாவது குடுங்க, மீதிய அப்புறம் பாத்துக்கலாம்"னு இறங்கி வந்தா அது சலுகைன்னு நினைக்காதீங்க, நிஜ கட்டணமா இருந்தா எப்படி இறங்கும்? "சரி, டூரிஸ்ட் விசாவுல போயி அங்க மாத்திக்கலாம், செலவு கம்மி"ன்னு புதுசா ஆரம்பிச்சா பேச்ச அதோட நிறுத்திடுங்க, அப்படிப் போனா ஒப்பந்தமும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது, ஏதாவது ஆனா இந்த ஏஜென்ட்ட பிடிக்க ஒரு ஆதாரமும் இருக்காது.

ஏற்கனவே டோக்கன்னு ஏதாவது குடுத்திருந்தீங்கன்னா (நீங்க எழுதல, ஆனா நிறைய பேர் குடுத்துட்டு தான் கேப்பாங்க) அந்த பேப்பர பத்திரமா வைங்க, கையெழுத்து அவரோடதுன்னா அதுவே சாட்சி. வாட்ஸப் மெசேஜ், காசு போட்ட ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க. லைசென்ஸ் இல்லாம ஆள் எடுக்குறது எமிக்ரேஷன் சட்டத்துல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் போற குற்றம். சென்னை ப்ரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதலாம், உங்க மாவட்ட எஸ்.பி ஆபீஸ்லயும் மனு குடுக்கலாம். எழுதும்போது எந்த தேதி, எவ்வளவு, எதுக்குன்னு சொல்லி வாங்குனார்ங்கிறத அந்த ஆறு வரிக் கணக்கோட அப்படியே எழுதுங்க, எமிக்ரேஷன் 12,000ங்கிற வரிக்குக் கீழ ஒரு கோடு போட்டு குடுங்க, அந்த ஆபீஸ்ல இருக்குறவங்களுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.